எழுபதாயிரத்துக்குள் கேமிங் கணினி: உள்ளூர்க் கடைக்காரருக்குச் செய்தி எழுதுவது எப்படி

தஞ்சாவூரிலோ கும்பகோணத்திலோ உள்ள ஒரு கணினிக் கடைக்கு, "சார், 70,000க்குள்ள நல்ல கேமிங் பிசி வேணும், ரேட் சொல்லுங்க" என்று வாட்ஸாப்பில் அனுப்பினால் பதில் விரைவாகவே வந்துவிடும். "ஐ5, 16 ஜிபி ரேம், 512 எஸ்எஸ்டி, 4 ஜிபி கிராபிக்ஸ், 22 இன்ச் மானிட்டர், ஆர்ஜிபி கேபினட், மொத்தம் 58,000" என்பது போல அது இருக்கும். கேட்டதற்குப் பன்னிரண்டாயிரம் குறைவாகவே முடிகிறதே என்று வாங்குபவருக்கு மகிழ்ச்சியாகவும் இருக்கும்.

அந்தப் பதிலில் எந்தச் சொல்லும் பொய்யில்லை; ஆனால் எந்தச் சொல்லும் ஒரு பொருளைக் குறிக்கவுமில்லை. 2012இல் வந்த ஐ5-3470 ஐ5தான், 2022இல் வந்த ஐ5-12400 என்பதும் ஐ5தான். "4 ஜிபி கிராபிக்ஸ்" என்பது ஜிடிஎக்ஸ் 1650 ஆக இருக்கலாம். 2014இல் வந்து, இன்றைய விளையாட்டுகளுக்கு ஈடுகொடுக்க முடியாத ஜிடி 730 ஆகவும் இருக்கலாம். கடைக்காரர் ஏமாற்ற நினைத்து இப்படி எழுதுவதில்லை. பெரும்பாலும், கேள்வி எவ்வளவு பொதுவாக இருந்ததோ அவ்வளவு பொதுவாகப் பதிலும் அமைந்துவிடுகிறது. ஆகவே செய்தியை எழுதும்போதே, வரும் பதிலை வரிக்கு வரி சரிபார்க்க முடிகிற விதத்தில் எழுத வேண்டும். அதை எப்படிச் செய்வது என்பதை ஒரே ஓர் எடுத்துக்காட்டை எடுத்துக்கொண்டு இங்கே பார்க்கலாம்.

மன்னார்குடிக்கு அருகில் ஓர் ஊரில் இருக்கும் கல்லூரி மாணவர் ஒருவர், தஞ்சாவூரில் உள்ள கடையில் கணினி அசெம்பிள் செய்ய விரும்புகிறார் என்று கொள்வோம். வீட்டில் கொடுத்திருக்கும் தொகை 70,000 ரூபாய். அதற்கு மேல் கிடையாது. அவர் விளையாடுவது வேலரன்ட், ஜிடிஏ 5. கீபோர்டும் மவுசும் பழையவை இருக்கின்றன. மானிட்டர் புதிதாக வேண்டும்.

உங்கள் செய்தி கடையில் என்ன ஆகிறது

நம் பகுதிக் கடைகள் பலவற்றில் கிராபிக்ஸ் கார்டு போன்ற விலையுயர்ந்த பொருள்களை வாங்கி அடுக்கி வைத்திருப்பதில்லை. ஆர்டர் வந்த பிறகு திருச்சியில் உள்ள மொத்த வியாபாரியிடமோ சென்னை ரிச்சி தெருவிலோ விலை கேட்டு, பார்சலில் வரவழைப்பார்கள். எனவே நீங்கள் அனுப்பும் செய்தியைக் கடைக்காரர் படித்துவிட்டு, அதில் உள்ள பொருள் பட்டியலை அப்படியே இன்னொருவருக்கு அனுப்பி விலை கேட்க வாய்ப்பு அதிகம். இதை நினைவில் வைத்தால் செய்தியின் வடிவம் தானாகவே அமைந்துவிடும்: முன்பகுதியில் உங்கள் தேவையும் தொகையும், பின்பகுதியில் தனியாக எடுத்து அனுப்பக்கூடிய பொருள் பட்டியல். ஐந்தாறு துண்டுச் செய்திகளாக அனுப்பினால் அவற்றில் ஒன்று விடுபடும். விடுபடுவது பெரும்பாலும் நமக்கு முக்கியமானதாகவே இருக்கும். குரல் பதிவாக அனுப்புவதையும் தவிர்க்கலாம், ஏனென்றால் பிறகு "நான் கேட்டது 5600 புராசஸர்" என்று காட்ட எழுத்தில் எதுவும் இருக்காது.

தொகையைச் சொல்லும் முறை

கணினி உதிரிப் பாகங்களுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம். "பட்ஜெட் 70,000" என்று மட்டும் எழுதினால், கடைக்காரர் வரி சேர்க்காத விலைகளைக் கூட்டி 70,000 என்று சொல்லிவிட முடியும். பில் போடும்போது அது 82,600 ஆகிவிடும். தலைகீழாகப் பார்த்தால், வரியோடு 70,000 என்பது வரிக்கு முன் ஏறத்தாழ 59,300 ரூபாய்க்கான பொருள்தான். இந்த இடைவெளி ஒரு நல்ல புராசஸரின் விலைக்குச் சமம். ஆகவே "ஜிஎஸ்டி, அசெம்பிள் செய்யும் கூலி, பார்சல் செலவு எல்லாம் சேர்த்து 70,000" என்று ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட வேண்டும்.

உண்மையான தொகையைச் சொல்லலாமா, ஐந்தாயிரம் குறைத்துச் சொல்லி கையில் வைத்துக்கொள்ளலாமா என்று பலரும் கேட்பார்கள். உண்மையைச் சொல்வதே நல்லது என்பது என் எண்ணம். 65,000 என்று சொன்னால் அதற்கேற்ற பொருள்களை அவர் தேர்ந்தெடுத்துவிடுவார். பிறகு நீங்கள் ஐந்தாயிரத்தை எடுத்து நீட்டினாலும் அது சரியான இடத்தில் சேராது, கேபினட்டின் கண்ணாடியிலும் விளக்கிலும் போய்விடும். பேரத்துக்கு இடம் வைப்பதை விட, தொகை போதாவிட்டால் எதை முதலில் குறைக்க வேண்டும் என்பதைச் செய்தியிலேயே எழுதிவிடுவது பயனுள்ளது. அதைச் சற்றுப் பின்னால் பார்ப்போம்.

"நல்ல கேமிங்" என்பதை அளவாக மாற்றுதல்

"நல்லா ஓடணும்" என்பதற்குப் பதிலாக விளையாட்டின் பெயர், திரையின் ரெசல்யூஷன், எதிர்பார்க்கும் வேகம் ஆகிய மூன்றையும் எழுத வேண்டும். நம் மாணவருக்கு இது "1080பி திரையில் வேலரன்ட் 144 எஃப்பிஎஸ்ஸுக்குக் குறையாமலும், ஜிடிஏ 5 உயர்ந்த செட்டிங்கில் 60க்குக் குறையாமலும் ஓட வேண்டும்" என்று அமையும். இப்படி எழுதியவுடன் 4கே மானிட்டரும், அதற்கு ஈடுகொடுக்க வேண்டிய கார்டும் பேச்சிலிருந்து விலகிவிடும்.

விளையாட்டின் பெயரைச் சொல்வதில் இன்னொரு பயனும் உண்டு. விண்டோஸ் 11இல் வேலரன்ட் ஓட, பாதுகாப்பு வசதிகளான டிபிஎம் 2.0, செக்யூர் பூட் இரண்டும் போர்டின் அமைப்புத் திரையான பயாஸில் இயக்கப்பட்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் விளையாட்டு திறக்கவே மறுத்துவிடும். புதிய போர்டுகளில் இந்த வசதி இருக்கும், ஆனால் அசெம்பிள் செய்பவர் அதை இயக்காமலே விட்டுவிடுவதுண்டு. வீட்டுக்கு வந்தபின் இதற்காகத் தஞ்சாவூருக்கு மறுபடி பஸ் ஏறுவதை விட, செய்தியில் ஒரு வரி எழுதிவிடுவது எளிது.

பெயர் சொல்லிக் கேட்க வேண்டியவை

எல்லாப் பொருளையும் நீங்களே முடிவு செய்து பட்டியல் கொடுத்தால் கடைக்காரரிடம் இருக்கும் சரக்கையும் அனுபவத்தையும் பயன்படுத்த முடியாமல் போகும். எதையும் சொல்லாமல் விட்டால் மேலே கண்ட 58,000 ரூபாய் பதில் வரும். எல்லோரும் இணையத்தில் விலை பார்க்கும் பொருள்களில் கடைக்காரருக்குக் கிடைக்கும் லாபம் மிகக் குறைவு. ஆகவே விலையை இறக்கச் சொல்லி நாம் நெருக்கினால், யாரும் கேட்காத பொருளின் தரத்தில்தான் அது குறையும். அந்த இடங்களை மட்டும் நாம் பெயர் சொல்லிப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

முதலாவது கிராபிக்ஸ் கார்டு. எழுபதாயிரத்தில் மூன்றில் ஒரு பங்கையாவது இதற்கு ஒதுக்காவிட்டால் அது கேமிங் கணினியாக அமையாது. 1080பி திரைக்கு ஆர்எக்ஸ் 6600 8 ஜிபி ஒரு நல்ல எல்லைக்கோடு. அதற்குக் கீழே போக வேண்டாம். கார்டின் பெயரை முழுமையாகக் கேட்பது ஏன் முக்கியம் என்பதற்கு ஆர்டிஎக்ஸ் 3050 நல்ல எடுத்துக்காட்டு. 2022இல் வந்த 3050இல் 8 ஜிபி மெமரியும் 2560 கோர்களும் 128 பிட் பாதையும் இருந்தன. 2024இல் அதே பெயரில் வந்த 6 ஜிபி கார்டில் கோர்கள் 2304, பாதை 96 பிட். இரண்டு ஜிபி மட்டும் குறைந்த அதே கார்டு என்று பெயரைப் பார்த்து நினைப்போம். உண்மையில் அது வேறொரு, வேகம் குறைந்த கார்டு. ஆர்எக்ஸ் 6600 இவை இரண்டையும் விட வேகமானது.

இரண்டாவது புராசஸர். இங்கேயும் ஒரே ஓர் எண் மாறினால் போதும். ரைசன் 5 5600இல், புராசஸருக்குள்ளேயே இருக்கும் விரைவு நினைவகமான எல்3 கேஷ் 32 எம்பி இருக்கிறது. 5500இலும் 5600ஜியிலும் 16 எம்பிதான், விளையாட்டில் அந்தக் குறைவு தெரியும். நம் மாணவர் ரைசன் 5 5600 அல்லது ஐ5-12400எஃப் என்று இரண்டையும் எழுதலாம். இரண்டிலும் ஆறு கோர்கள், இரண்டுக்கும் டிடிஆர்4 ரேம் போட முடியும், எது கையில் இருக்கிறதோ அதைக் கடைக்காரர் தரட்டும். இவ்விரண்டிலும் உள்ளமைந்த கிராபிக்ஸ் கிடையாது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். கார்டு பழுதாகி வாரண்டிக்குப் போனால், திரும்பி வரும்வரை கணினியில் படமே வராது. படிப்புக்கும் இதே கணினிதான் என்றால், கடைக்காரரிடம் அந்த நாள்களுக்கு ஒரு பழைய கார்டை இரவலாகத் தருவீர்களா என்று முன்கூட்டியே கேட்டு வைக்கலாம். தெரிந்த கடையில் வாங்குவதால் கிடைக்கும் உண்மையான வசதி இதுதான். ஆன்லைனில் இதைக் கேட்க ஆளில்லை.

மூன்றாவது ரேம். 16 ஜிபி வேண்டும் என்று எழுதினால் போதாது; 8 ஜிபி வீதம் இரண்டு என்று எழுத வேண்டும். ஒரே 16 ஜிபி குச்சியைப் போட்டால் புராசஸருக்கு ஒரு வழியில் மட்டுமே தரவு போய்வரும். இரண்டாகப் போட்டால் இரண்டு வழிகள் திறக்கும். வேலரன்ட் போலப் புராசஸரை நம்பி ஓடும் விளையாட்டுகளில் இந்த வேறுபாடு கண்ணுக்கே தெரியும். "பின்னால் இன்னொண்ணு போட்டுக்கலாம் தம்பி" என்று கடைக்காரர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, ஆனால் அந்தப் பின்னால் பெரும்பாலும் வருவதில்லை.

நான்காவது, கணினிக்குள் எல்லாப் பாகங்களுக்கும் மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ். நம் பகுதிக்கு இதுதான் மற்ற எல்லாவற்றையும் விட முக்கியம் என்பேன். குறுவைக்குப் பம்புசெட்டுகள் ஓடும் கோடை மாதங்களில் பல ஊர்களில் மாலை நேரத்து வோல்டேஜ் இறங்கி ஏறும். 100 முதல் 240 வோல்ட் வரை தானாகவே ஏற்றுக்கொள்ளும் நல்ல எஸ்எம்பிஎஸ் இதைத் தாங்கும். கேபினட்டோடு சேர்ந்து வரும் "450 வாட்" எஸ்எம்பிஎஸ் தாங்குவது சந்தேகம்தான். இரண்டையும் பிரித்தறிய ஓர் எளிய வழி உண்டு. எஸ்எம்பிஎஸ்ஸின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் தாளில் +12V என்ற கட்டத்தின் கீழ் எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். கார்டும் புராசஸரும் அந்த 12 வோல்ட்டில்தான் ஓடுகின்றன. அங்கே 16 ஆம்பியர் என்றிருந்தால், 12ஐயும் 16ஐயும் பெருக்கினால் 192 வாட்தான். தாளில் மேலே பெரிய எழுத்தில் 450 என்று அச்சிட்டிருந்தாலும் அவ்வளவுதான் கிடைக்கும். ஆர்எக்ஸ் 6600 ஒன்றே 132 வாட் இழுக்கும், ரைசன் 5 5600 புராசஸர் 65 முதல் 76 வரை. நல்ல 550 வாட் எஸ்எம்பிஎஸ்ஸில் அந்த எண் 45 ஆம்பியரை ஒட்டி இருக்கும். ஆகவே செய்தியில் "550 வாட், 80 பிளஸ் பிரான்ஸ், தனிப் பெட்டியில் வருவது, கேபினட்டோடு வருவது வேண்டாம்" என்று எழுதுங்கள்.

மதர்போர்டு, எஸ்எஸ்டி, கேபினட் ஆகியவற்றில் கம்பெனியைக் கடைக்காரர் விருப்பத்துக்கு விடலாம். எஸ்எஸ்டி என்விஎம்இ வகை என்று குறிப்பிட்டால் போதும். கேபினட்டில் முன்பக்கம் வலையும் தூசு வடிகட்டியும் இருக்கட்டும். அறுவடைக் காலத்தில் களத்துத் தூசு வீட்டுக்குள் வரும் ஊர்களில் கண்ணாடி முகப்பை விட இதற்கே பயன் அதிகம்.

தொகை போதாவிட்டால் எதைக் குறைப்பது

பல செய்திகளில் இந்தப் பகுதியே இருப்பதில்லை. ஆனால் வரம்பு திட்டமானதாக இருக்கும்போது, விலை கூடிவிட்டால் யார் எதைக் குறைக்கிறார்கள் என்பதில்தான் கணினியின் தரம் தீர்மானமாகிறது. ரேம், எஸ்எஸ்டி விலைகள் ஒரு மாதத்திலேயே பெரிதாக ஏறிவிடக்கூடியவை. நீங்கள் கணக்குப் போட்ட நாளும் கடைக்காரர் கொள்முதல் செய்யும் நாளும் வேறாக இருக்கும். நீங்கள் வரிசை சொல்லாவிட்டால் அவர் தம் வசதிப்படி குறைப்பார். அது எஸ்எம்பிஎஸ்ஸாகவோ கார்டாகவோ முடியலாம்.

பின்னால் எளிதாக மாற்றவோ சேர்க்கவோ முடிவதை முதலில் குறையுங்கள். 1 டிபி எஸ்எஸ்டியை 500 ஜிபி ஆக்கலாம். ஜிடிஏ 5 போன்ற ஒரு விளையாட்டே 100 ஜிபி அளவுக்கு இடம் பிடிக்கும் என்பதால் நெருக்கடிதான், ஆனால் போர்டில் எஸ்எஸ்டி செருகும் எம்.2 இடம் இன்னொன்று இருந்தால் அடுத்த ஆண்டு வேறொன்றைச் சேர்க்கலாம். அதன் பிறகு மானிட்டர்: 144 ஹெர்ட்ஸுக்குப் பதில் 100 ஹெர்ட்ஸ். மூன்றாவதாக விளக்கு வைத்த கேபினட்டைச் சாதாரணமானதாக்கலாம். கார்டு, எஸ்எம்பிஎஸ், இரட்டை ரேம் மூன்றிலும் கைவைக்கக் கூடாது என்று வெளிப்படையாக எழுதிவிடுங்கள்.

செய்தி

இதுவரை சொன்னவற்றைச் சேர்த்தால் நம் மாணவரின் செய்தி ஏறத்தாழ இப்படி வரும்.

> வணக்கம் சார். மன்னார்குடி பக்கத்திலிருந்து எழுதுகிறேன். விளையாட்டுக்கும் படிப்புக்கும் சேர்த்து ஒரு கணினி உங்கள் கடையில் அசெம்பிள் செய்ய விரும்புகிறேன்.
>
> என் வரம்பு 70,000 ரூபாய். ஜிஎஸ்டி, அசெம்பிள் கூலி, பார்சல் செலவு எல்லாம் இதற்குள் வர வேண்டும். இதற்கு மேல் என்னால் தர இயலாது. மானிட்டர் இதில் சேரும். கீபோர்டு, மவுஸ், யுபிஎஸ் வேண்டாம், வீட்டில் இருக்கின்றன.
>
> 1080பி திரையில் வேலரன்ட் 144 எஃப்பிஎஸ், ஜிடிஏ 5 உயர்ந்த செட்டிங்கில் 60 எஃப்பிஎஸ் கிடைக்க வேண்டும். வேலரன்ட்டுக்காக டிபிஎம், செக்யூர் பூட் இரண்டையும் பயாஸில் ஆன் செய்து தர வேண்டும்.
>
> பொருள்கள்:
> புராசஸர்: ரைசன் 5 5600 அல்லது ஐ5-12400எஃப், பெட்டியுடன்
> கிராபிக்ஸ் கார்டு: ஆர்எக்ஸ் 6600 8 ஜிபி, அல்லது அதற்கு மேலான 8 ஜிபி கார்டு, புதியது மட்டும்
> ரேம்: டிடிஆர்4 3200, 8 ஜிபி வீதம் 2
> எஸ்எம்பிஎஸ்: 550 வாட், 80 பிளஸ் பிரான்ஸ், தனியாக
> எஸ்எஸ்டி: என்விஎம்இ 1 டிபி
> போர்டு: புராசஸருக்கு ஏற்றது, எம்.2 இடம் இரண்டு இருந்தால் நல்லது
> கேபினட்: முன்பக்கம் வலை உள்ளது
> மானிட்டர்: 24 இன்ச், 1080பி, 144 ஹெர்ட்ஸ்
>
> தொகை கூடினால் முதலில் எஸ்எஸ்டியை 500 ஜிபி ஆகவும், பிறகு மானிட்டரை 100 ஹெர்ட்ஸ் ஆகவும், அதன் பிறகு கேபினட்டையும் குறைக்கலாம். கார்டு, எஸ்எம்பிஎஸ், ரேம் மூன்றையும் குறைக்க வேண்டாம்.
>
> ஒவ்வொரு பொருளுக்கும் கம்பெனி, முழு மாடல் பெயர், வாரண்டி எத்தனை ஆண்டு, வரியுடன் விலை ஆகியவற்றைத் தனித்தனியாக எழுதி அனுப்ப வேண்டுகிறேன். இந்த விலை எத்தனை நாள் செல்லும், முன்பணம் எவ்வளவு என்பதையும் சொல்லுங்கள். ஏதாவது ஒரு பொருள் கிடைக்காவிட்டால், மாற்றிப் போடுவதற்கு முன் என்னிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். நன்றி சார்.

இதில் "பெட்டியுடன்" என்ற சொல்லைக் கவனியுங்கள். பெட்டியில் வரும் புராசஸருக்குக் கம்பெனியின் மூன்று ஆண்டு வாரண்டி உண்டு. பெட்டியில்லாமல் தட்டில் வரும் புராசஸர் விலை குறைவாக இருக்கும், ஆனால் அதன் வாரண்டி விற்றவரின் வாய்ச்சொல்லோடு நின்றுவிடும். "புதியது மட்டும்" என்பதையும் விட்டுவிட வேண்டாம். கிரிப்டோ மைனிங்குக்கு ஓடிய கார்டுகள் துடைத்துப் புதுப்பிக்கப்பட்டுச் சந்தையில் கிடைக்கின்றன.

விண்டோஸ் பற்றி இந்தச் செய்தியில் வேண்டுமென்றே எதுவும் எழுதவில்லை. கடைகளில் கேட்காமலே ஒன்றைப் போட்டுத் தருவார்கள்; அது பெரும்பாலும் உரிமம் இல்லாதது. உரிமம் உள்ள விண்டோஸ் வேண்டுமானால் அதற்குத் தனி வரி எழுதி, அதன் விலையையும் 70,000க்குள் கணக்கிட வேண்டும். பட்ஜெட் நெருக்கமாக இருந்தால், மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து இறக்கிய விண்டோஸ் 11ஐ உரிமச் சாவி இல்லாமல் நிறுவச் சொல்லி, சாவியைப் பிறகு வாங்கிக்கொள்வது கிராக் செய்த பிரதியை விடப் பாதுகாப்பானது.

பதிலைப் படிக்கும் முறை

நம் எடுத்துக்காட்டில் கடைக்காரரின் பதில் இப்படி வருகிறது என்று வைத்துக்கொள்வோம்: "தம்பி, 6600 இப்ப ஸ்டாக் இல்ல. அதுக்குப் பதில் ஆர்டிஎக்ஸ் 3050 போட்டுத் தரேன், என்விடியா, இன்னும் நல்லது. ரேம் 16 ஜிபி ஒண்ணு. மத்தது நீங்க கேட்டபடி. மொத்தம் 69,500."

மொத்தம் வரம்புக்குள் இருக்கிறது என்பதால் உடனே சம்மதிக்கத் தோன்றும். ஆனால் குறைக்க வேண்டாம் என்று சொன்ன மூன்றில் இரண்டு குறைந்திருக்கின்றன. இதைக் குற்றச்சாட்டாக மாற்றாமல் கேள்வியாகக் கேட்பதே நல்லது, ஏனென்றால் அடுத்த மூன்று ஆண்டுகளுக்கு வாரண்டிக்காக இவரிடம்தான் போக வேண்டியிருக்கும்.

> நன்றி சார். 3050 என்பது 6 ஜிபியா 8 ஜிபியா என்று சொல்லுங்கள். எனக்கு 6600க்குக் குறையாத வேகம் வேண்டும் என்பதால் 3050 இரண்டுமே போதாது. 6600 வர எத்தனை நாள் ஆகும்? ஒரு வாரம் காத்திருக்கிறேன். அதற்குள் வராது என்றால் ஆர்எக்ஸ் 7600 விலை கேட்டுச் சொல்லுங்கள். கூடும் தொகைக்கு எஸ்எஸ்டியை 500 ஜிபி ஆகவும் மானிட்டரை 100 ஹெர்ட்ஸ் ஆகவும் குறைத்துக்கொள்ளலாம். ரேம் 8 ஜிபி வீதம் இரண்டாகவே வேண்டும்.

இப்போது கடைக்காரரிடம் தீர்வு இருக்கிறது, அதற்கு உங்கள் அனுமதியும் இருக்கிறது. எடுத்துக்காட்டாக அவர் 7600 போட்டு மொத்தம் 74,000 என்று சொன்னால், எஸ்எஸ்டியில் இரண்டாயிரத்து ஐநூறும் மானிட்டரில் இரண்டாயிரமும் குறைந்து 69,500க்கு வந்துவிடும். அப்படியும் வராவிட்டால் வேறொரு கடையில் இதே செய்தியை மாற்றாமல் அனுப்பி, இரண்டு பதில்களையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். முதல் கடைக்காரரின் பட்டியலைப் படம் பிடித்து இரண்டாமவருக்கு அனுப்ப வேண்டாம். ஊரில் இருவரும் ஒரே மொத்த வியாபாரியிடம் வாங்குபவர்களாக இருந்தால் அது சுற்றிவந்து உங்களிடமே சேரும்.

"பில் இல்லாம எடுத்தா நாலாயிரம் குறையும்" என்ற பேச்சு இந்தக் கட்டத்தில் வரலாம். கார்டோ போர்டோ பழுதானால் சர்வீஸ் சென்டரில் முதலில் கேட்பது பில்தான். ஆகவே "ஒவ்வொரு பொருளின் சீரியல் எண்ணும் பில்லில் இருக்க வேண்டும் சார்" என்று பதில் எழுதி, அந்தப் பேச்சை அங்கேயே முடித்துவிடலாம்.

முன்பணமும் கடையில் சோதனையும்

இறுதிப் பட்டியலை ஒருமுறை நீங்களே முழுமையாகத் தட்டச்சு செய்து அனுப்பி, "சரி" என்ற பதில் வந்த பிறகே முன்பணம் அனுப்புங்கள். மீதித் தொகையை, கணினியைக் கடையில் ஓட்டிப் பார்த்த பிறகு தருவதாக அதே செய்தியில் எழுதலாம்; நியாயமான கடைக்காரர் யாரும் இதற்கு மறுப்புச் சொல்ல மாட்டார்.

கடையில் பார்க்க வேண்டியது அதிகமில்லை. Task Manager திறந்து Performance பகுதியில் Memory பார்த்தால், Slots used என்ற இடத்தில் இரண்டு என்று இருக்க வேண்டும். Speed 3200 இருக்க வேண்டும். 2133 அல்லது 2666 என்று காட்டினால் ரேம் தவறானது என்று உடனே முடிவு செய்ய வேண்டாம்; பெரும்பாலும், ரேமை முழு வேகத்தில் ஓடவைக்கும் எக்ஸ்எம்பி பயாஸில் இயக்கப்பட்டிருக்காது, அதை அங்கேயே ஆன் செய்யச் சொல்லலாம். அதே பகுதியில் GPU பார்த்தால் கார்டின் முழுப் பெயரும் தெரியும். டிபிஎம், செக்யூர் பூட் நிலையைப் பார்க்க, Win + R அழுத்தி இவற்றை ஒவ்வொன்றாகத் தட்டலாம்:

```
tpm.msc
msinfo32
```

முதலாவதில் Specification Version 2.0 என்றும், இரண்டாவதில் Secure Boot State: On என்றும் வர வேண்டும்.

கடைசியாக யுபிஎஸ். வீட்டில் இருப்பது 600 விஏ என்றால் அதன் உண்மையான திறன் பெரும்பாலும் 360 வாட். ஆர்எக்ஸ் 6600 உள்ள இந்தக் கணினியும் மானிட்டரும் சேர்ந்து விளையாடும்போது 330 வாட் அளவுக்குப் போகலாம்; 7600 என்றால் இன்னும் முப்பது, நாற்பது வாட் கூடும், அப்போது 600 விஏ தாங்காது. முடிந்தால் வீட்டு யுபிஎஸ்ஸைக் கடைக்கு எடுத்துச் சென்று, விளையாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே யுபிஎஸ்ஸின் பிளக்கைச் சுவரிலிருந்து உருவிப் பாருங்கள். கணினி அந்த நொடியிலேயே அணைந்தால் பேட்டரி பலவீனமாக இருக்கலாம், சுமை கூடியிருக்கலாம், அல்லது யுபிஎஸ் தரும் மின்னலையை எஸ்எம்பிஎஸ் ஏற்காமல் இருக்கலாம். பேட்டரி நன்றாக இருக்கும் ஒரு 1000 விஏ யுபிஎஸ்ஸைக் கடையிலேயே இணைத்து அதே சோதனையைச் செய்தால் முதல் இரண்டு காரணங்களும் விலகிவிடும். அதிலும் அணைந்தால், சைன் அலை தரும் யுபிஎஸ் வாங்கும் வரை, மின்தடை வரும் நேரங்களில் சேமிக்காத வேலை எதையும் திறந்து வைக்காமல் இருக்க வேண்டியதுதான்.

பெட்டிகளைக் கடையிலேயே விட்டுவிடாமல் வாங்கி வந்து, பில்லில் உள்ள சீரியல் எண்களைப் பெட்டிமேல் உள்ளவற்றோடு அன்றைக்கே ஒப்பிட்டுவிடுங்கள். ஓர் எண் மாறியிருந்தாலும் அன்று சொன்னால் பில்லைத் திருத்தித் தருவது கடைக்காரருக்கு எளிது. ஆறு மாதம் கழித்து கார்டு பழுதான பிறகு சொன்னால் அவரால்கூட ஒன்றும் செய்ய முடியாது.